மழைநீரின் பி.எச்.: போகும் வழியும் திரும்பும் வழியும்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுவதற்குள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். மாசு ஏதும் கலக்காத மழைநீர்கூட லேசான அமிலம்தான். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. அதனால் ஒரு லிட்டர் மழைநீரில் ஏறத்தாழ 0.0000025 மோல் ஹைட்ரஜன் அயனி இருக்கும். மோல் என்பது வேதியியலில் துகள்களை எண்ணும் அளவு. ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்பதே செறிவு.

இத்தனை பூஜ்ஜியங்களை எழுதினால் எங்கேயாவது ஒன்று விட்டுப்போகும். கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சன், 1909-இல் இதற்கு மடக்கையை வைத்து ஒரு சுருக்கு வழி சொன்னார். அதுதான் பி.எச். சம்பளத்தைக் கேட்டால் தொகையைச் சொல்லாமல் "ஐந்து இலக்கம்" என்கிறோம் அல்லவா? மடக்கை செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். எண்ணைச் சொல்லாமல், அது பத்தின் எத்தனையாவது அடுக்கு என்று சொல்கிறது. தசமப் புள்ளி வைத்து இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறது.

pH = −log[H⁺]

சதுர அடைப்புக்குறி செறிவைக் குறிக்கிறது. ஒன்றைவிடச் சிறிய எண்ணின் மடக்கை எதிர்மறையாக வரும். அதை நேர் எண்ணாக்கத்தான் முன்னால் அந்தக் கழித்தல் குறி. அதே குறியால்தான் அமிலம் ஏற ஏற பி.எச். இறங்குகிறது.

இப்போது நம் மழைநீரைப் போட்டுப் பார்ப்போம். செறிவை 2.5 × 10⁻⁶ என்று எழுதிக்கொள்கிறோம். பெருக்கலின் மடக்கை, மடக்கைகளின் கூட்டல். 10⁻⁶-இன் மடக்கை −6. மடக்கை அட்டவணையில் 2.5-க்கு நேராக 0.3979 இருக்கும், 0.40 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் −5.60. குறியை மாற்றினால் பி.எச். 5.60.

அடுத்து, திரும்பும் வழி. அமில மழை பெய்த ஓரிடத்தில் பி.எச். 4.30 என்று அளந்திருக்கிறார்கள் என்போம். செறிவு எவ்வளவு?

[H⁺] = 10⁻ᵖᴴ

அதாவது 10⁻⁴·³⁰. எதிர்மடக்கை அட்டவணையில் 0.30-ஐத் தேடினால் 2 கிடைக்கும். உடனே 2 × 10⁻⁴ என்று எழுதினால் தவறாகிவிடும். அட்டவணையில் இருப்பவை நேர்த் தசமங்கள் மட்டுமே, நம்முடைய 0.30-க்கு முன்னால் கழித்தல் குறி இருக்கிறது. அதனால் −4.30-ஐ −5 + 0.70 என்று பிரித்துக்கொள்ள வேண்டும். 0.70-இன் எதிர்மடக்கை 5.01, ஆகவே செறிவு 5 × 10⁻⁵. சரிபார்ப்பதும் எளிது. பி.எச். 4-க்கும் 5-க்கும் இடையில் இருந்தால், செறிவு 10⁻⁴-க்கும் 10⁻⁵-க்கும் இடையில்தான் இருக்க வேண்டும். 2 × 10⁻⁴ அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

கால்குலேட்டரில் 10ˣ விசையை அழுத்தி −4.3 கொடுத்தால் நேராகவே விடை வந்துவிடும். கழித்தல் குறியை மறந்தால் 19,953 என்று காட்டும். ஒரு லிட்டர் நீரில் அத்தனை மோல் அயனிக்கு இடமே கிடையாது என்பதால் அந்தப் பிழை உடனே கண்ணில் பட்டுவிடும்.

கண்ணில் படாத பிழை ஒன்று உண்டு. கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருவது. பி.எச். எண்ணை அடிக்கோல் போல நினைத்துவிடுவது. 5.60-க்கும் 4.30-க்கும் வித்தியாசம் 1.30தான், கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு செறிவுகளையும் வகுத்துப் பாருங்கள்: 5 × 10⁻⁵-இல் 2.5 × 10⁻⁶ இருபது முறை அடங்குகிறது. பி.எச்.-இல் கழித்தால் வருவது செறிவில் வகுத்தால் வருவதன் மடக்கை. ஒரு படி இறங்கினால் செறிவு பத்து மடங்கு, 0.30 இறங்கினாலே இரண்டு மடங்கு.

இந்த நினைப்பு சராசரி எடுக்கும்போதுதான் நம்மை நன்றாகக் கவிழ்க்கும். இந்த இரண்டு மழையும் ஒரே அளவு பெய்ததாக வைத்துக்கொள்வோம். 5.60-ஐயும் 4.30-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 4.95. ஆனால் செறிவுகளைக் கூட்டிப் பாதியாக்கினால் 2.625 × 10⁻⁵. அதன் மடக்கை −4.58, ஆக, பி.எச். 4.58. முதல் விடையைச் செறிவாக மாற்றிப் பார்த்தால் 1.1 × 10⁻⁵தான் வரும். உண்மையில் இருக்கும் அமிலத்தில் பாதிகூட இல்லை. அதனால் பி.எச். எண்களை நேரடியாகக் கூட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் செறிவாக்கி, கூட்டி, வகுத்து, கடைசியில் ஒரே ஒரு முறை மடக்கை எடுக்கிறோம்.