அசைவின் இலக்கணம் – 14: வழுக்கிய கால்

மோஷன் கேப்சரில் எடுத்த ஒரு நடை. பத்து வினாடி, வினாடிக்கு 24 ஃபிரேம். உடம்பில் 60 எலும்பு, ஒவ்வொன்றுக்கும் மூன்று சுழற்சிக் கோடுகள். பேக் செய்து முடித்ததும் ஃபிரேமுக்கு ஒரு கீ வீதம் 43,200 கீ வந்து உட்கார்ந்துவிட்டது. பார்ப்பதற்கு நடை அருமையாக இருந்தது. ஆனால் அனிமேட்டரால் அதைத் தொட முடியவில்லை. பாதத்தைக் கொஞ்சம் உயர்த்தலாம் என்று ஒரு கீயை இழுத்தால், பக்கத்துக் கீக்கள் பழைய இடத்திலேயே நிற்க, அந்த ஒரு ஃபிரேமில் மட்டும் கால் துள்ளிவிட்டு இறங்குகிறது.

கீக்களைக் குறைத்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. பிளெண்டரின் கிராஃப் எடிட்டரில் எல்லாக் கோடுகளையும் தேர்ந்தெடுத்து இந்த ஒரே வரியை ஓட்டினேன்:

```
bpy.ops.graph.decimate(mode='ERROR', remove_error_margin=0.01)
```

பழைய கோட்டிலிருந்து புதிய கோடு எவ்வளவு விலகலாம் என்பதை அந்தக் கடைசி எண் சொல்கிறது. பழையதையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. நிம்மதியாக அனுப்பிவைத்தேன். அன்று மாலையே அனிமேட்டர் கூப்பிட்டாள். “அண்ணா, கால் வழுக்குது. தரையில ஊனின கால் நிக்கவே மாட்டேங்குது.”

அவள் சொன்னது சரிதான். நான் கோட்டைப் பார்த்தேன், அவள் பாதத்தைப் பார்த்தாள். பிளெண்டர் சுழற்சியைத் திரையில் டிகிரியில் காட்டினாலும், உள்ளே ரேடியனில்தான் வைத்திருக்கிறது. 0.01 ரேடியன் என்பது அரை டிகிரியைவிடச் சற்று அதிகம். இடுப்பு மூட்டில் அந்த அளவு பிசகினால், 90 சென்டிமீட்டர் கீழே இருக்கும் பாதம் 9 மில்லிமீட்டர் நகரும். ரேடியனை நீளத்தால் பெருக்கினால் போதும், விலகல் கிடைத்துவிடும். இதோடு முழங்காலின் பிசகும் இடுப்பு நகர்வின் பிசகும் சேர்ந்துகொள்ளும். அதே 0.01 விரல் மூட்டில் வந்தால், 4 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் விரல் நுனி அரை மில்லிமீட்டர்கூட அசையாது. ஆக, ஒரே எண் தொடைக்கு மிகத் தளர்வாகவும் விரலுக்குத் தேவையில்லாத இறுக்கமாகவும் இருந்திருக்கிறது. உடம்பின் நடுவை நெருங்க நெருங்க அனுமதி குறைய வேண்டும், நுனிக்குப் போகப் போகத் தளரலாம்.

அந்த அனுமதியை எங்கிருந்து எடுப்பது? நான் கேமராவிலிருந்து எடுக்கிறேன். 180 சென்டிமீட்டர் உயரப் பாத்திரம் 1080 பிக்சல் திரையை மேலிருந்து கீழ்வரை நிறைத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 6 பிக்சல். அப்படியானால் 9 மில்லிமீட்டர் வழுக்கல் ஐந்து பிக்சலுக்கு மேல். காற்றில் வீசும் கையில் ஐந்து பிக்சல் யாருக்கும் தெரியாது. அசையாத தரைமேல் அசையக் கூடாத பாதத்தில் அது உடனே தெரியும். “ஊனின காலுக்கு ஒரு பிக்சல், கைக்கு ஆறு வரைக்கும் பரவாயில்ல” என்றாள் அவள். ஒரு பிக்சல் என்றால் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டால், கீக்கள் குறையவே குறையாது.

அதனால் வழியை மாற்றினோம். பாதத்தை ஐகே கன்ட்ரோலரில் பேக் செய்தோம். இப்போது பாதத்தின் இடத்தைப் பாதமே வைத்துக்கொள்ளும், இடுப்பின் பிசகு அங்கே இறங்காது. அந்தப் பிசகு முழங்காலுக்குத்தான் போகும். கால் ஏறக்குறைய நேராக நிற்கும் ஃபிரேம்களில் இது விபரீதமாகும். தொடை 45, கீழ்க்கால் 45 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 89.9 இருந்தால் முழங்கால் மடிப்பு சுமார் 5 டிகிரி. இடுப்பு 4 மில்லிமீட்டர் இறங்கிவிட்டால் 12 டிகிரி. முழங்கால் வெடுக்கென்று மடங்கும். அதனால் இடுப்பின் உயரக் கோட்டுக்கு மட்டும் அனுமதியை ஒரு மில்லிமீட்டராக இறுக்கினேன்.

இனி பாதத்தின் உயரக் கோடு. ஒரு எட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஃபிரேம் 1 முதல் 12 வரை பாதம் தரையில், உயரம் பூஜ்யம். 17இல் உச்சம், 12 சென்டிமீட்டர். 22இல் தரையைத் தொட்டு, 25 வரை அங்கேயே. மொத்தம் 25 கீ. குறைக்கும் முறை எளிது: முதல் கீயும் கடைசிக் கீயும் மட்டும் இருக்கட்டும், எந்த ஃபிரேமில் விலகல் மிக அதிகமோ அங்கே ஒரு கீ சேர், விலகல் அனுமதிக்குள் வரும்வரை இதையே செய். 1973இல் டக்ளசும் பியூக்கரும் வரைபடக் கோடுகளுக்காக எழுதிய முறையின் சாயல் இது. வரைபடத்தில் இரண்டு அச்சும் தூரம்தான், அதனால் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்கலாம். நமக்கு ஒரு அச்சு நேரம், மற்றது உயரம். ஃபிரேமையும் சென்டிமீட்டரையும் கலந்து அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதே ஃபிரேமில் பழைய உயரத்துக்கும் புதிய உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே அளக்க வேண்டும்.

முதலில் 17இல் கீ விழுகிறது. அடுத்து அதிக விலகல் 12இல், ஒன்பது சென்டிமீட்டர். அங்கேயும் ஒரு கீ. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. 12ஆம் ஃபிரேம் ஒரு முனை: அதுவரை தட்டை, அதற்குப் பிறகு ஏற்றம். டேன்ஜென்டை மிருதுவாக விட்டால், இரு பக்கத்துக் கீக்களின் சராசரிச் சரிவை அது எடுத்துக்கொள்ளும். ஏறப்போகும் கோடு, ஏறுவதற்கு முன்பே கீழே குழிந்துவிடும். இந்த எடுத்துக்காட்டில் 8ஆம் ஃபிரேம் அருகே பாதம் 1.2 சென்டிமீட்டர் தரைக்குள் புதைகிறது. அனுமதி மீறப்பட்டதால் முறை அங்கே இன்னொரு கீயைப் போடும், அது பக்கத்தில் வேறொரு சின்னக் குழியை உண்டாக்கும். எதுவுமே நடக்காத தட்டைப் பகுதியில் கீக்கள் மொய்ப்பதைக் கண்டால், முனையில் டேன்ஜென்ட் உடைக்கப்படவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

ஆகவே குறைக்கும் முன்பே 12, 22 இரண்டையும் நாங்கள் கையால் குறித்தோம். அந்த இரண்டு கீயும் நீக்கப்படக் கூடாதவை, அங்கே டேன்ஜென்ட் உடைய வேண்டும், தரைப் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். கோட்டை அந்த இடங்களில் துண்டாக்கி ஒவ்வொரு துண்டையும் தனியாகக் குறைத்தோம். 1, 12, 17, 22, 25: ஐந்தே கீ. கால் எப்போது தரையைத் தொடுகிறது, எப்போது விடுகிறது என்பதைக் கோட்டின் வடிவத்திலிருந்து நிரல் ஊகிக்க முயலலாம். ஆனால் குதிகால் முதலில் பட்டு, விரல் கடைசியாகப் பிரியும் நடையில் அதை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துச் சொல்லும் அனிமேட்டரின் கண்ணைத்தான் நான் நம்புகிறேன்.

சில துண்டுகள் மட்டும் குறைய மறுத்தன. நெருங்கிப் பார்த்தால், மார்க்கர் நடுக்கத்தால் கோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலும் கீழும் துடித்துக்கொண்டிருந்தது. அனுமதி அந்த நடுக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால், முறை நடுக்கத்தையும் அசைவு என்று எண்ணி ஒவ்வொரு துடிப்பையும் காப்பாற்றும். அனுமதியைத் தளர்த்துவது இதற்கு மருந்தல்ல. முதலில் அந்தத் துண்டை மட்டும் வடிகட்டி மென்மையாக்கி, பிறகு குறைத்தோம்.

சரிபார்த்ததும் கோட்டில் அல்ல. பழைய கோப்பின் நகல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பாதத்தின் உலக இடத்தை ஃபிரேம்தோறும் எடுத்து, தூரத்தைக் கணக்கிட்டேன். ஊன்றிய ஃபிரேம்களில் மிக அதிகமாக வந்தது 1.4 மில்லிமீட்டர். அதற்குப் பிறகுதான் கோப்பை அனுப்பினேன்.

அவள் 17ஆம் ஃபிரேமின் கீயைப் பிடித்து மூன்று சென்டிமீட்டர் மேலே தூக்கினாள். பாதம் 12இல் தரையை விட்டு, 15 சென்டிமீட்டர் எழுந்து, 22இல் அதே இடத்தில் ஊன்றியது.