நடுக்கக் குவியங்களின் ஆழவொழுங்கு

புவியின் மேற்புறம் தொடர்ச்சியான ஒரே ஓடன்று; அது பெரியனவும் சிறியனவுமான பல தட்டுகளால் ஆனது. மேலோடும், அதன் கீழுள்ள மூடகத்தின் குளிர்ந்த மேற்பகுதியும் ஒன்றாய்ப் பொருந்திய விறைப்பான பாறைப்பலகையே தட்டு எனப்படும். பழங்கடலின் அடியில் அதன் தடிப்பு 80 முதல் 100 கிலோமீட்டர் வரை இருக்கும். பாறையில் நெடுங்காலம் தேங்கிய திரிபு, ஒரு பிளவின் வழியே சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ விடுபடுவது நிலநடுக்கம். அந்த உடைவு முதலில் தொடங்கும் இடம் குவியம். குவியம் 70 கிலோமீட்டருக்குள் இருப்பின் மேலாழ நடுக்கம் என்றும், 70 முதல் 300 வரை இருப்பின் இடையாழ நடுக்கம் என்றும், அதற்குக் கீழே 700 வரை இருப்பின் பேராழ நடுக்கம் என்றும் வகுப்பர்.

தென்காசிப் பக்கத்துப் புளியங்குடியிலிருந்து நேர்கிழக்கே, அகலக்கோடு பிறழாமல் ஒரு கோடு இழுத்தால், அது மன்னார்க் கடலையும் ஈழத்தின் வடபகுதியையும் வங்கக்கடலையும் கடந்து, ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தொலைவில் கார் நிக்கோபார்த் தீவைத் தொடும். இரண்டு இடங்களும் ஒரே அகலக்கோட்டில் இருப்பினும் நிலத்தின் இயல்பில் அவை இருவேறு உலகங்கள். கார் நிக்கோபார் 2004 திசம்பர் 26 அன்று பிளந்த நீண்ட பட்டையின் மீது நிற்கிறது. புளியங்குடியோ இந்தியத் தட்டின் உள்ளே, எல்லையிலிருந்து விலகி நிற்கிறது. இத்தனைக்கும் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துப் பாறைகள் அமைதியாகவே பிறந்தவை அல்ல. மேற்குமலையை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் குறுக்கே வெட்டிச் செல்லும் அச்சன்கோவில் நறுக்குப்பட்டை, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைத்தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த தழும்பாகும்.

அந்தப் பழம்பட்டை அடங்கிக் கிடக்க, நிக்கோபார்ப் பட்டை அதிர்வானேன்? விடை, நகர்வின் வேறுபாட்டில் உள்ளது. ஒரு தட்டின் உட்பகுதிகள் யாவும் சேர்ந்தே நகர்கின்றன. ஆகவே அவற்றுக்குள் ஒன்றுக்கொன்று இடம்பெயர்வு மிகச் சிறிது, திரிபு சேர்வதும் அவ்வளவே. அச்சன்கோவில் பட்டையின் இருபுறமும் இன்று ஒரே தட்டைச் சேர்ந்தவை. நிக்கோபாருக்கு மேற்கே உள்ள ஆழ்கடல் அகழியிலோ இரு தட்டுகளின் நகர்வு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேறுபடுகிறது. உராய்வு அந்த வேறுபாட்டைப் பிடித்து நிறுத்த, விளிம்பு வளைகிறது. ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் என்று கொண்டால், 10 மீட்டர் நழுவலுக்கு உரிய திரிபு 250 ஆண்டுகளில் சேர்ந்துவிடும். இதனால் தட்டின் உள்ளே நடுக்கமே நேராது என்று கொள்ளலாகாது. 1900இல் கோயம்புத்தூரும் 1993இல் இலாத்தூரும் அதிர்ந்தன. ஆயினும் அத்தகையவை அரியவை. உலக நடுக்கங்களை வரைபடத்தில் புள்ளிகளாக இட்டால், பெரும்பாலான புள்ளிகள் தட்டெல்லைகளையே வரைந்து காட்டும்.

எல்லைகள் விலகெல்லை, அமிழெல்லை, உரசெல்லை என மூவகைப்படும். விலகெல்லையைப் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஒரு தட்டு மற்றொன்றின் கீழே செருகி மூடகத்துள் இறங்குவது அமிழெல்லை; இரு தட்டுகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசிச் செல்வது உரசெல்லை. இவ்விரண்டின் குவிய ஆழங்களும் வேறுபடுவதை அறிய ஓர் அடிப்படையைக் கொள்ள வேண்டும்: குளிர்ந்த பாறை உடையும், சூடேறிய பாறை இளகிக் கொடுக்கும். குளிர்காலத்துக் கருப்பட்டி தட்டினால் தெறிப்பதையும், அடுப்பருகே வைத்தால் நெளிந்து கொடுப்பதையும் போன்றது இது. பெருநில மேலோட்டுப் பாறை ஏறத்தாழ 350 செல்சியசிலும், மூடகத்தின் ஒலிவின் பாறை ஏறத்தாழ 600 செல்சியசிலும் உடையும் இயல்பை இழக்கத் தொடங்குகின்றன.

உரசெல்லையில் எந்தப் பாறையும் தன் ஆழத்தை விட்டு இறங்குவதில்லை, பக்கவாட்டிலேயே நகர்கிறது. ஆகவே, கீழிருந்து வரும் வெப்பம் விதித்த வரம்பைக் குவியங்கள் தாண்ட இயலாது. பெருநிலத்தில் அந்த வரம்பு பெரும்பாலும் 15 முதல் 20 கிலோமீட்டர். அமிழெல்லையிலோ குளிர்ந்த தட்டு தன் குளிரையும் சுமந்துகொண்டு இறங்குகிறது. பாறை வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஒரு கோடி ஆண்டுகளில் வெப்பம் அதனுள் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் அளவே புகும். ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் இறங்கும் தட்டு அதே காலத்தில் 500 கிலோமீட்டர் கீழே சென்றிருக்கும். 80 கிலோமீட்டர் தடித்த அதன் நடுவோ சூழ்ந்த மூடகத்தைவிடப் பன்னூறு செல்சியசு குளிர்ந்தே இருக்கும். எனவேதான் 600 கிலோமீட்டருக்கும் கீழே பாறை உடைய முடிகிறது. சாவகத் தீவின் வடக்கே குவியங்கள் அந்த ஆழத்தைத் தொடுகின்றன. அந்தமான் பக்கத்தில், சாய்ந்த போக்கில் அமிழும் தட்டில் அவை ஏறத்தாழ 200 கிலோமீட்டரோடு நின்றுவிடுகின்றன.

அமிழெல்லையும் உரசெல்லையும் அருகருகே நிற்கும் இடம் மேற்குச் சுமாத்திரா. அங்கே தட்டு நேராகச் செருகாமல் சாய்வாகச் செருகுவதால், நகர்வு இரண்டாகப் பகுபடுகிறது: செருகும் கூறு அகழியிலும், பக்கவாட்டுக் கூறு தீவின் நெடுகே 1,900 கிலோமீட்டர் ஓடும் சுமாத்திராப் பெரும்பிளவிலும் தீர்கின்றன. 2007 மார்ச்சு 6 அன்று சிங்கரக்கு ஏரிக்கரையில் அப்பெரும்பிளவு நழுவி ஏற்பட்ட நடுக்கத்தின் குவியம் 20 கிலோமீட்டருக்குள் இருந்தது. அளவெண் ஏறத்தாழ 6.4. ஏரியிலிருந்து தொலைவில்லாத பாடாங்கு நகரை 2009 செப்டம்பர் 30 அன்று உலுக்கிய 7.6 அளவு நடுக்கத்தின் குவியமோ 80 கிலோமீட்டர் ஆழத்தில், அமிழ்ந்த தட்டின் உள்ளேயே இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எனினும், கடலடி பெரிதும் எழவோ தாழவோ இல்லையாதலால், பேரலை அழிவு நேரவில்லை. நிக்கோபார்ப் பட்டையில் 2004இல் உடைந்ததோ தட்டின் உட்பகுதியன்று. இரு தட்டுகளும் தொட்டுக்கொள்ளும் சரிந்த பரப்பு. அதன் குவியம் 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. பின் உடைவு 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடிக் கடலடியையே தூக்கியது.

இந்த ஆழங்களை அளப்பது எவ்வாறு? குவியத்திலிருந்து நேரே கீழ்நோக்கிப் புறப்படும் அலை தொலைநிலையத்தை முதலில் அடையும். மேல்நோக்கிச் சென்று தரையில் பட்டுத் திரும்பும் மீளலை சற்றுப் பின்தங்கும். பாடாங்கு போன்ற 80 கிலோமீட்டர் ஆழ நடுக்கத்தில், ஏறி இறங்கும் 160 கிலோமீட்டரை நொடிக்கு 7 அல்லது 8 கிலோமீட்டர் விரைவில் கடக்க ஏறத்தாழ 20 நொடி ஆகும். பதிவுத்தாளில் இரு துடிப்புகள் தனித்தனியே தெரியும். 15 கிலோமீட்டர் ஆழத்திலோ இடைவெளி 5 நொடியே; முதல் துடிப்பு ஓயுமுன் மீளலை அதனோடு கலந்துவிடும். இத்தகைய நிலையில் ஆழத்தைக் கணிக்கவியலாத ஆய்வகங்கள் 10 கிலோமீட்டர் என்று ஓர் எண்ணை நிலைநிறுத்தி, இடத்தை மட்டும் கணிக்கும். ஆகவே நாளிதழில் "10 கிலோமீட்டர் ஆழத்தில்" என்று காண்பதெல்லாம் அளந்தறிந்த அளவென்று கொள்ள வேண்டா.

அளவுகள் நம்பத்தக்கனவாய் அமைந்தபின் வடிவம் தானே வெளிப்படும். அகழிக்குக் குறுக்கே நிலத்தை வெட்டிப் பார்ப்பதுபோல் குவியங்களைப் பதித்தால், அமிழெல்லையில் அவை அகழியருகே மேலாழமாகத் தொடங்கி, உள்ளே செல்லச் செல்லச் சரிந்து இறங்கும் ஒரு தகடாக நிற்கும். சப்பானிய அறிஞர் வடாத்தி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இச்சரிவை உணர்ந்தார். தட்டுக் கோட்பாடு உருவாவதற்கு நெடுநாள் முன்பு அது. உரசெல்லையில் குவியங்கள் பிளவுக்கு நேர்கீழே, குறுகிய செங்குத்துப் பட்டையாக நிற்கும். சுமாத்திராவின் குறுக்குவெட்டில் இரண்டையும் ஒருசேரக் காணலாம்: கீழே சரியும் தகடு, அதற்கு மேலே பெரும்பிளவின் ஆழமற்ற பட்டை. இரண்டுக்கும் இடையிலுள்ள சூடான மூடகத்தில் குவியம் பெரும்பாலும் இல்லை.

குளிர் உடைவதற்கு இடம் கொடுக்கிறது. உடைவைத் தொடங்கிவைப்பது வேறு. ஆழத்தின் அழுத்தம் பிளவின் இருபக்கங்களையும் நெருக்கி உராய்வை மிகுவிப்பதால், வழக்கமான நழுவல் அங்கே எளிதன்று. இடையாழத்தில், அமிழும் தட்டின் நீர்கொண்ட கனிமங்கள் சூடேறி நீரை வெளியிட, அந்நீர் பிளவின் பிடியைத் தளர்த்துகிறது என்பதே பலர் ஏற்கும் விளக்கம். பேராழத்தில் ஒலிவின் செறிவான வேறு கனிமமாக மாறுவதே உடைவைத் தூண்டுகிறது என்பர் ஒரு சாரார். நழுவலில் பிறக்கும் வெப்பமே பாறையை மேன்மேலும் மெலிவிக்கிறது என்பர் மற்றொரு சாரார். 1994இல் பொலிவியாவின் அடியில், 630 கிலோமீட்டருக்கும் கீழே, 8.2 அளவில் நேர்ந்த நடுக்கத்தைக் கொண்டு இரு தரப்பினரும் வாதிட்டனர். வழக்கு இன்னும் முடியவில்லை.