'கேஸ் பிடிச்சிருக்கு' என்கிறாரா நோயாளி? மருத்துவ மாணவர் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

"கேஸ் பிடிச்சிருக்கு தம்பி, ஒரு மாத்திரை குடுங்க." நெஞ்சைப் பிடித்தபடி 54 வயதுக்காரர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வார்டுக்குப் புதிதாக வந்த மாணவர் அதையே கேஸ் ஷீட்டில் எழுதினால், தவறு அங்கேயே தொடங்கிவிடும். 'கேஸ்' என்பது நோயாளி தானே கண்டுபிடித்த காரணம். நமக்குத் தேவை, அவர் உணரும் வலி.

1. எப்படி ஆரம்பித்தது?

"முதல்முறை வந்தப்போ என்ன செஞ்சிட்டு இருந்தீங்க ஐயா?" என்று கேளுங்கள். "மூணு வாரம் முன்னாடி, மாடிப்படி ஏறும்போது" என்கிறார். முதல் துப்பு கிடைத்துவிட்டது.

2. எந்த மாதிரி வலி?

"அழுத்துற மாதிரி இருக்கா?" என்று நீங்களே வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். டாக்டர் கேட்கிறாரே என்று பலர் 'ஆமாம்' சொல்லிவிடுவார்கள். "எப்படி இருக்குன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்க" என்றால் போதும். "வலின்னு சொல்ல முடியாது, கல்லைத் தூக்கி வச்ச மாதிரி பாரமா இருக்கு" என்கிறார். 'வலிக்குதா?' என்று மட்டும் கேட்டிருந்தால், 'இல்லை' என்றே சொல்லியிருப்பார்.

3. எங்கே பரவுகிறது?

இடத்தைக் கையால் காட்டச் சொல்லுங்கள். ஒரு விரலால் புள்ளி வைக்காமல், உள்ளங்கையை நடு நெஞ்சில் பரப்புகிறார். "வேற எங்கயாவது போகுதா?" என்றதும் தாடையைத் தடவுகிறார். இதய வலி தாடை, கழுத்து, தோள், இரு கைகள், மேல்வயிறு என எங்கும் பரவலாம்.

4. எவ்வளவு நேரம்?

இதுவரை ஒவ்வொரு முறையும் நாலைந்து நிமிடம்தான். இன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே வந்தது; அரை மணி நேரமாகியும் விடவில்லை.

5. எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது?

வேகமாக நடந்தால் வரும், நின்றால் போய்விடும் என்பது இதய வலியின் சாயல். மூச்சை இழுக்கும்போது குத்தினால் நுரையீரல் உறையையும், அமுக்கினால் அதே வலி வந்தால் தசையையும் யோசிக்கலாம். ஆனால் 'ஜெலுசில் குடிச்சேன், குறைஞ்சுது' என்பதை வைத்து இதயத்தை விலக்கிவிடக் கூடாது.

சேர்த்துப் பார்த்தால்...

உழைக்கும்போது மட்டும் வந்த பாரம், இன்று ஓய்விலேயே வந்து நீடிக்கிறது. இது மாரடைப்பாக இருக்கலாம். எனவே நெஞ்சு வலி இப்போதும் இருப்பதாகத் தெரிந்த உடனேயே சீனியரை அழையுங்கள். வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். மீதிக் கேள்விகளை அதன்கூடவே கேட்டுக்கொள்ளலாம்.

முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்றாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. மீண்டும் ஈ.சி.ஜி.யும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்களிடம் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வியர்வை, அசதி மட்டும் இருக்கலாம். அவர்களிடம் 'வலி எப்படி?' என்பதோடு நிறுத்தாமல், 'வேற என்ன செய்யுது?' என்றும் கேளுங்கள்.