பூஜ்யத்தைத் தொலைக்காமல் புதுக் கணக்கு

பக்கத்து வீட்டுப் பெண் மூன்றாம் வகுப்பு. கழித்தல் பயிற்சித்தாளில் பாதிக் கணக்கு தப்பு. அதையே திரும்பப் போடச் சொன்னால் பயனில்லை, விடைகள் மனப்பாடமாகிவிட்டன. அவள் அம்மா தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பி, "இதே மாதிரி புதுசா எழுதித் தாங்கக்கா" என்றார்.

முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சில் இருந்தது 403 - 158. பிள்ளை பூஜ்யத்தை அடித்து மேலே 9 எழுதியிருந்ததால், அவசரத்தில் 493 என்று படிக்கத் தோன்றியது. அப்படிப் படித்திருந்தால் கணக்கே வேறு. 493இல் பத்துகளிடம் ஒருமுறை கடன் வாங்கினால் போதும். 403இல் பத்துகளிடம் ஒன்றுமே இல்லை. நூறுகள் வரை போய்த்தான் வாங்கி வர வேண்டும். பிள்ளை தடுக்கி விழுந்த இடம் அதுதான்.

ஆகவே எண்ணை மாற்றுமுன், ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் அதில் எத்தனை கடன், நடுவில் பூஜ்யம் உண்டா என்று குறித்துக்கொள்ள வேண்டும். 403 - 158க்குப் பதிலாக 706 - 203 எழுதினால், பூஜ்யம் இருந்தும் கடனே வராது. 510 - 267இல் இரண்டு கடன் உண்டு, ஆனால் பூஜ்யத்தைத் தாண்டிப் போகும் வேலை இல்லை. 502 - 267தான் சரியான ஜோடி. தாளில் இப்படிப்பட்டவை நான்கு என்றால் புதுத் தாளிலும் நான்கே இருக்கட்டும். கூட்டினால் பிள்ளை மிரண்டுவிடும்.

வாக்கியக் கணக்கில் இன்னொரு கண்ணி. "யாரிடம் எவ்வளவு அதிகம்?" என்ற கேள்வியில், 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் பிள்ளைகள் கூட்டிவிடுவார்கள். அதை "மீதி எவ்வளவு?" என்று மாற்றினால் எண்கள் அதே கடினமாக இருந்தாலும் கேள்வி சுலபமாகிவிடும்.

விடைத்தாளை, கேள்வி எழுதிய கையோடு மனக்கணக்காகப் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் தாளில் போட்டு, கூட்டிச் சரிபாருங்கள்: 235 + 267 = 502. பக்கத்திலேயே வரக்கூடிய தப்பு விடைகளையும் எழுதி வைப்பேன். 365 வந்தால், பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. 335 வந்தால், பூஜ்யத்தை 9 ஆக்கிவிட்டு நூறுகளில் ஒன்றைக் குறைக்க மறந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு தப்பு. சொல்லித்தரும் விதமும் வேறு.

அந்தப் பெண் 335 எழுதினாள். ஐந்து நூறு ரூபாய்த் தாள்களும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும் அவள் முன்னால் வைத்து, 267 எடுத்துத் தரச் சொன்னேன். ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாகவும், அதில் ஒரு பத்தைச் சில்லறையாகவும் மாற்றினாள். மிச்சமிருந்த நூறுகளை எண்ணினாள். நான்கு. பென்சிலை எடுத்து 5ஐ அடித்தாள்.