எட்டு வீத வட்டி, நாற்பது வீத வீழ்ச்சி

2022 ஜனவரியில் கனடாவில் ஒரு வருட நிலையான வைப்புக்கு ஏறத்தாழ ஒரு வீத வட்டிதான் கிடைத்தது. அதே மாதம் இலங்கை அரசின் 364 நாள் திறைசேரி உண்டியல் எட்டு வீதத்துக்குச் சற்று மேலே கொடுத்தது. ரொறன்ரோவிலோ ஸ்காபரோவிலோ கையில் கொஞ்சம் சேமிப்பு வைத்திருந்த எவரையும் அந்த வித்தியாசம் யோசிக்க வைக்கும். வாங்குவது ஓர் அரசாங்கத்தின் கடன் பத்திரம். அந்த அரசாங்கம் ரூபாயை அச்சடிக்கவும் கூடியது. ரூபாயில் வாங்கிய கடனை ரூபாயிலேயே திருப்பித் தர அதற்கென்ன தடை?

தடை ஏதும் இருக்கவில்லை. இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனை அடைக்க முடியாது என்று அறிவித்தது. ஆனால் மக்கள் கையிலிருந்த திறைசேரி உண்டியல்களுக்கு முதலும் வட்டியும் ஒரு சதமும் குறையாமல் வந்தன. அப்படியிருந்தும் டொலரில் கணக்குப் பார்த்தவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போயிற்று. அது எப்படி நடந்தது?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த ஜனவரியில் ஒரு கனடிய டொலருக்கு ஏறத்தாழ 160 இலங்கை ரூபாய். ஒருவர் 10,000 டொலரை மாற்றினால் 16 லட்சம் ரூபாய். அதை வெளிநாட்டவருக்கான உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக 8.2 வீதத்தில் ஒரு வருட உண்டியலில் போட்டால், முதிர்வில் 17 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய் கையில் வரும். 2023 ஜனவரியில் அதைத் திருப்பி டொலராக்கப் போனால் விலை வேறு. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 270 ரூபாய். கிடைப்பது 6,400 டொலர். போட்டது 10,000.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வட்டியையும் நாணய இழப்பையும் கூட்டிக் கழிப்பது வழக்கமான தவறு. அவை பெருக்கலில் சேர்கின்றன. வட்டி முதலை 1.082 மடங்காக்குகிறது. ரூபாயின் டொலர் மதிப்போ 160-இலிருந்து 270-க்குப் போனதில் 0.593 மடங்காகிவிடுகிறது. இரண்டையும் பெருக்கினால் 0.64. நாணயம் விழும்போது அது முதலை மட்டும் தின்பதில்லை, பாடுபட்டு ஈட்டிய வட்டியையும் சேர்த்தே தின்கிறது. வட்டி எட்டு வீதத்தில் நின்றுவிடும். வீழ்ச்சிக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

அப்படியானால் அந்த ஏழு வீத வித்தியாசத்தின் பொருள் என்ன? இதற்கு விடை தெரிய வேண்டுமென்றால் முன்கூட்டிய நாணய ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் கழித்து உங்கள் ரூபாயை வாங்கிக்கொண்டு டொலர் தர ஒரு வங்கி இன்றே சம்மதிக்கிறது என்று வையுங்கள். அது என்ன விலை சொல்லும்? டொலரை இன்றே வாங்கி வைத்தால்தான் அது தப்பலாம். அதற்கு எட்டு வீதத்துக்கு ரூபாயைக் கடனெடுத்து, வாங்கிய டொலரை ஒரு வீதத்துக்குப் போட்டு வைக்க வேண்டும். அந்த நட்டத்தை விலையில் ஏற்றினால் 160 என்பது 171 ஆகும். காப்பு எடுத்தால் உங்கள் எட்டு வீதம் மறுபடி ஒரு வீதமாகச் சுருங்கிவிடும். காப்பு எடுக்காமல் போனால், ரூபாய் 171-ஐத் தாண்டி விழாது என்று பந்தயம் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த 171-தான் சமநிலைப் புள்ளி. உண்மையில் நடந்தது 270.

இந்த வீழ்ச்சி யாருக்கும் தெரியாமல் வந்ததா? இல்லை. இங்கே தமிழில் ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதைக் கவனியுங்கள். இலங்கை அரசின் குறுங்காலக் கடன் பத்திரத்துக்குப் பெயர் திறைசேரி உண்டியல். வங்கியைத் தொடாமல் ஊருக்குக் காசு அனுப்பும் வழிக்கும் பெயர் உண்டியல்தான். 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் மத்திய வங்கி அமெரிக்க டொலரை 200 ரூபாய்க்குச் சற்று மேலே இறுக்கிப் பிடித்திருந்தபோது, இந்த இரண்டாவது உண்டியலில் அதே டொலருக்கு 240-க்கும் மேல் கிடைத்தது. அதாவது, முதலாவது உண்டியலை வாங்கியவர்கள் நம்பிய விலையை இரண்டாவது உண்டியல் ஏற்கனவே மறுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு அறிகுறியும் இருந்தது. 2019 இறுதியில் 760 கோடி அமெரிக்க டொலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2021 இறுதியில் 310 கோடியாகியிருந்தது, அதிலும் சீனாவுடனான நாணயப் பரிமாற்றத் தொகை அடக்கம். விலையைப் பிடித்து வைக்கக் கையிருப்பு வேண்டும். அது தீர்ந்தால் கை விட்டுப்போகும். 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதத்துக்குள் அமெரிக்க டொலர் 360 ரூபாயைத் தொட்டது.

பெரிய வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இதற்கு முன்பே பாடம் படித்திருந்தார்கள். 2018-இல் அமெரிக்காவில் வட்டி ஏறியபோதும், அக்டோபரில் கொழும்பில் அரசியல் குழப்பம் வந்தபோதும் அவர்கள் ரூபாய் முறிகளை விற்று வெளியேறினார்கள். அந்த ஒரு வருடத்தில் அமெரிக்க டொலர் 153-இலிருந்து 183 ரூபாயாயிற்று. இதில் ஒரு சுழல் இருக்கிறது. வெளியேறுகிறவர் முறியை விற்று ரூபாயைக் கையில் எடுத்து, அந்த ரூபாயை விற்று டொலர் வாங்குகிறார். அதனால் ரூபாய் விழுகிறது. அதோடு மீதி இருப்பவரின் டொலர் கணக்கும் குறைகிறது. அதைப் பார்த்து அவரும் விற்கிறார். கடன் வாங்கிய நாடு சொந்த நாணயத்தில் வாங்கியதால் தப்பித்துக்கொண்டது போலத் தோன்றும். ஆனால் ஆபத்து மறையவில்லை. கடன் வாங்கியவர் தோளிலிருந்து கடன் கொடுத்தவர் தோளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கனடாவில் வசிப்பவருக்கு இதோடு முடியாது. வரி இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் வட்டி மட்டும் 1 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய், முதிர்வு நாள் விலையில் ஏறத்தாழ 485 டொலர். அது முழுவதும் வருமானமாகக் கணக்கில் சேரும். முதலுக்கு நாணயத்தால் வந்த நான்காயிரம் டொலர் இழப்போ, சாதாரண முதலீட்டாளருக்குப் பொதுவாக மூலதன இழப்பு. அதை மூலதன இலாபத்துக்கு எதிராகத்தான் கழிக்கலாம், வட்டிக்கு எதிராக அல்ல. வேறு மூலதன இலாபம் இல்லாதவர், காசை இழந்த வருடத்தில் அந்த முதலீட்டுக்காக வரியும் கட்டுவார்.

நேர்மாறான கதையையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் அதே உண்டியலின் வட்டி 30 வீதத்தை ஒட்டியிருந்தது. அப்போது கனடிய டொலர் ஏறத்தாழ 275 ரூபாய். துணிந்து 10,000 டொலர் போட்டவருக்கு 27 லட்சத்து 50 ஆயிரம், ஒரு வருடத்தில் 35 லட்சத்து 75 ஆயிரமாயிற்று. 2023 செப்டம்பரில் டொலர் 240 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. கையில் 14,900 டொலர். ஆனால் போட்ட நாளில் இலங்கையில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டியிருந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவிக்கு 2023 மார்ச்சில்தான் ஒப்புதல் கிடைத்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் மக்களின் உண்டியல்கள் தொடப்படாது என்பது அந்த வருட ஜூன் இறுதியில்தான் தெரிந்தது. அந்த 30 வீதம் இந்தப் பயங்களின் விலை. பயம் பலிக்கவில்லை என்பதால் அது இலாபமாயிற்று.

அடுத்த முறை யாராவது ஊரில் நல்ல வட்டி என்று சொன்னால், வட்டியைக் கேட்டதும் இன்னொரு எண்ணையும் தாளில் எழுதுங்கள். இன்றைய மாற்று விலையை அங்குள்ள வட்டியால் பெருக்கி, இங்குள்ள வட்டியால் வகுங்கள், 160-ஐ 1.082-ஆல் பெருக்கி 1.01-ஆல் வகுத்தது போல. மாற்றும்போதும் திருப்பும்போதும் வங்கி எடுக்கும் வித்தியாசத்தையும் அதிலிருந்து கழியுங்கள். ஒரு வருடம் கழித்து டொலர் அந்த எண்ணுக்குக் கீழே நிற்கும் என்று நீங்கள் நம்பினால் போடுங்கள். நம்பாவிட்டால், இங்கே கிடைக்கும் குறைந்த வட்டியே பெரிய வட்டி.