பிரவுசரா, தண்டர்பேர்டா? வீட்டுக் கணினியில் மெயில்

பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டு பில்கள், வங்கி அறிக்கைகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே ஜிமெயில் கணக்கில் இருக்கின்றன. இலவச இடம் 15 ஜிபி. அதில் டிரைவுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் பங்கு உண்டு. போன் வீடியோக்களால் இடம் நிரம்பினால் புது மெயில் வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

புதிதாக வரும் மெயிலைப் படித்துப் பதில் போட மட்டும் என்றால் பிரவுசரே போதும். சிக்னல் அடிக்கடி போகும் மலையோர ஊர்களிலும், குரோமில் ஜிமெயில் அமைப்புகளுக்குப் போய் Offline வசதியை இயக்கினால் கடைசி 7, 30 அல்லது 90 நாள் மெயில் இணையம் இல்லாமலும் திறக்கும்.

பழைய மெயிலை நம் கையில் வைத்துக்கொள்ளத்தான் தண்டர்பேர்டு போன்ற மென்பொருள் வேண்டும். ஆனால் அதை நிறுவியதுமே மெயில் பத்திரமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஐமேப் முறையில் கணக்கைச் சேர்த்தால், கணினியில் தெரிவது சர்வரில் இருப்பதன் பிரதிதான். இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடலாம். வட்டில் தனியாக நிற்பவை, Local Folders பகுதிக்கு நாம் நகலெடுத்த மெயில்கள் மட்டுமே.

கணக்கைச் சேர்த்ததும் Synchronization & Storage பக்கத்தில் ‘கணினியில் வைத்திரு’ என்ற குறியை எடுத்துவிடுங்கள். ஹாட்ஸ்பாட்டில் இயங்கும் வீட்டில், எல்லா மெயிலும் இறங்கத் தொடங்கினால் அன்றைய டேட்டா காலையிலேயே தீர்ந்துவிடும். பிறகு Local Folders கீழ் ஆண்டுவாரியாகக் கோப்புறை உருவாக்கி, பழைய மெயில்களைத் தேர்ந்தெடுத்து Copy To கொடுங்கள். Move To வேண்டாம், நடுவில் இணைப்பு அறுந்தால் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாது. முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, நகலெடுத்த மெயில்களில் உள்ள சில இணைப்புக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்தால் அவற்றின் நகல் முழுமையாக வந்திருக்கிறது. Local Folders அமைப்புகளில் Local Directory காட்டும் கோப்புறையைக் குறித்துக்கொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஒரே வட்டில் மட்டும் இருந்தால், அந்த வட்டு பழுதானால் எல்லாம் போய்விடும்.

அதன் பிறகே அழிக்க வேண்டும். அதற்குப் பிரவுசர்தான் நல்லது. தண்டர்பேர்டில் இன்பாக்ஸிலிருந்து நீக்கிய மெயில் ஜிமெயிலின் All Mail கோப்புறையில் தங்கிவிடலாம், அது பிடித்த இடமும் குறையாது. ஜிமெயில் தேடுபெட்டியில் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்:

```
larger:10M before:2020/01/01
```

வந்த பட்டியலில் நகலெடுத்துவிட்டவற்றை அழித்து, Trash கோப்புறையையும் காலி செய்தால் இடம் திரும்பும். காலி செய்யாவிட்டால் அவை 30 நாள் அங்கேயே இருந்து இடத்தைப் பிடித்திருக்கும்.

கணினியைப் பலர் பயன்படுத்தும் வீடு என்றால், தண்டர்பேர்டு வைப்பவருக்கு விண்டோஸில் கடவுச்சொல்லுடன் தனிக் கணக்கு வேண்டும். ஒருமுறை உள்நுழைந்துவிட்டால் அடுத்து திறப்பவர் யாராக இருந்தாலும் அது கேள்வி கேட்காது.