மனுவைத் தள்ளுவது யார்? கம்ப்யூட்டரா, மனிதரா?

வேலைக்கு மனுப் போட்டவருக்கு நள்ளிரவு 12 மணிக்குப் பதில் வருகிறது. "தங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை, வருந்துகிறோம்." இரண்டே வரிதான்.

அந்த நேரத்தில் எந்த ஆபீசில் யார் விழித்திருப்பார்கள்? "என் மனுவை ஒரு மனிதர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. மார்க்குப் போட்டுக் கம்ப்யூட்டரே தள்ளிவிட்டது" என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார்.

அமெரிக்காவில் இந்த நம்பிக்கை வேரூன்றிப் போயிருக்கிறது. நூற்றுக்கு 75 மனுக்களைக் கம்ப்யூட்டரே தள்ளுகிறது என்று ஒரு கணக்கும் பல ஆண்டுகளாக அங்கே சுற்றி வருகிறது. அந்தக் கணக்குக்கு நம்பத்தக்க ஆராய்ச்சி எதுவும் ஆதாரமாக இல்லை. பணம் வாங்கிக்கொண்டு பயோடேட்டா திருத்தித் தருகிறவர்களுக்கு மட்டும் அது மிகவும் பிடித்த கணக்கு!

அப்படியானால் உள்ளே நடப்பது என்ன?

240 மனுக்கள்

பெரிய கம்பெனிகள் மனுக்களை வாங்கி வைக்க ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. கிரீன்ஹவுஸ், ஒர்க்டே, ஐசிம்ஸ் என்று இதற்குப் பல பெயர்கள். அடிப்படையில் இது ஒரு பதிவேடு. கூடவே ஓர் அலமாரி. யார் மனுப் போட்டார், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யாருக்கு என்ன பதில் போயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு கம்பெனி, கணக்கர் ஒருவர் தேவை என்று விளம்பரம் செய்கிறது. 240 பேர் மனுப் போடுகிறார்கள்.

மனுவோடு சில கேள்விகளும் இருக்கும். "இந்த நாட்டில் வேலை செய்யச் சட்டப்படி உரிமை உண்டா?" "எத்தனை ஆண்டு அனுபவம்?" ஆள் எடுக்கும் அதிகாரி முன்கூட்டியே ஒரு விதி எழுதி வைக்கலாம். உரிமை "இல்லை" என்று சொன்னால் தள்ளு. அனுபவம் 5 ஆண்டுக்குக் குறைந்தால் தள்ளு. இதுதான் வாசல் கதவு. இங்கே 60 பேர் நின்றுவிடுகிறார்கள்.

ஆம், இங்கே கம்ப்யூட்டர்தான் தள்ளுகிறது. ஆனால் விதியை எழுதியவர் மனிதர். 4 ஆண்டு 10 மாதம் வேலை பார்த்த ஒரு பெண், கட்டத்தில் 4 என்று எழுதுகிறார். போயிற்று! அவருடைய பயோடேட்டா எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. அதை யாரும் திறக்கவே மாட்டார்கள்.

மீதி 180 பேர். இனிமேல்தான் வரிசைப்படுத்தும் வேலை.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு பயோடேட்டாவையும் படித்துப் பெயர், படிப்பு, பார்த்த வேலை, தெரிந்த தொழில் என்று பிரித்து எழுதிக்கொள்கிறது. விளம்பரத்தில் கேட்டிருப்பதோடு அவற்றை ஒப்பிடுகிறது. நன்றாகப் பொருந்தினால் மேலே, குறைந்தால் கீழே. இப்படி 1 முதல் 180 வரை ஒரு வரிசை கிடைக்கிறது.

கவனியுங்கள். 180 பேரும் அப்படியே இருக்கிறார்கள். ஒருவர்கூட வெளியே போகவில்லை. பல கம்பெனிகளில் இந்த மார்க்கும் கிடையாது. மனு வந்த தேதிப்படிதான் வரிசை.

அதிகாரியின் மேஜை

இப்போது அதிகாரி உட்காருகிறார். ஒரு மனுவுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 180 மனுவுக்கு 3 மணி நேரம் வேண்டும். அவர் கையிலோ இதுபோல் இன்னும் பத்து வேலைக்கு ஆள் தேடும் பொறுப்பு. மேலிருந்து படித்துக்கொண்டே வருகிறார். 40 பார்ப்பதற்குள் நல்லவர்களாகப் பத்துப் பேர் கிடைத்துவிடுகிறார்கள். அதோடு நிறுத்திக்கொள்கிறார். பத்துப் பேரோடு டெலிபோனில் பேசுகிறார். நாலு பேரை நேரில் அழைக்கிறார். ஒருவருக்கு வேலை கிடைக்கிறது.

அதன் பிறகு, மீதி 179 பேரையும் மொத்தமாகக் குறியிட்டு ஒரே பொத்தானை அமுக்குகிறார். எல்லோருக்கும் ஒரே கடிதம் போகிறது. அதைச் சில மணி நேரமோ சில நாளோ கழித்து அனுப்பும்படியும் அமைத்து வைக்கலாம். நள்ளிரவுக் கடிதத்தின் ரகசியம் பல நேரம் இதுதான்.

"131-வது ஆளின் மனுவை யாரும் படிக்கவில்லையே! தள்ளியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த வருத்தம் ஒன்றுதான்.

ஆனால் வித்தியாசம் உண்டு. அந்தப் பத்துப் பேரும் மானேஜருக்குப் பிடிக்கவில்லை என்றால், அதிகாரி 41-லிருந்து மறுபடி படிப்பார். கம்பெனிக்குள் இருக்கும் ஒருவர், "இன்னார் மனுப் போட்டிருக்கிறார், பாருங்கள்" என்று சொன்னால், பெயரைத் தட்டினால் போதும். 131-வது மனு மேலே வந்துவிடும். கதவில் நின்றுபோன 60 பேருக்கு இந்த வழி அபூர்வம்.

ஆகவே பயப்பட வேண்டியது கதவுக்குத்தான். ஹார்வர்டு வணிகப் பள்ளி 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்தவர்களை, அந்த ஒரே காரணத்துக்காக ஒதுக்கும்படிப் பல கம்பெனிகள் விதி வைத்திருப்பதை அது எடுத்துக்காட்டியது. குழந்தை பெற்றவர், நோயாளியைக் கவனித்தவர் எல்லோரும் இதில் அடிபட்டுப் போகிறார்கள். இது மார்க்கின் குற்றமல்ல; விதி எழுதியவரின் குற்றம்.

கம்ப்யூட்டர் தடுமாறும் இடம்

வரிசையிலும் தவறு நேரும். பயோடேட்டாவை இரண்டு பத்தியாகப் பிரித்து அச்சிட்டால், சில கம்ப்யூட்டர்கள் இடது வரியையும் வலது வரியையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்துவிடும். வேலை ஒரு கம்பெனியிலும் தேதி வேறொரு கம்பெனியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பினால், எழுத்து எதுவுமே தெரியாமல் போகலாம்.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பயோடேட்டாவிலுள்ள எழுத்தை எல்லாம் நகல் எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் ஒழுங்காக வந்தால் சரி. குழம்பி வந்தால் கம்ப்யூட்டருக்கும் குழப்பம்தான்.

சிலர் விளம்பரத்திலுள்ள சொற்களை வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் மறைத்து எழுதி, மார்க்கை ஏற்றப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் பிரித்து எழுதும்போது அந்தச் சொற்கள் சாதாரணக் கறுப்பு எழுத்தாக வெளியே வந்துவிடும். அதிகாரி பார்த்துச் சிரிப்பார்!

எப்போது வந்தது பதில்?

உங்கள் மனு எங்கே நின்றது என்று ஓரளவு ஊகிக்கலாம். மூன்று நான்கு வாரம் கழித்துப் பதில் வந்தால், பெரும்பாலும் வேலைக்கு ஆள் கிடைத்த பிறகு மொத்தமாக அனுப்பிய கடிதம் அது. மனுப் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வந்தால், கதவு மூடியிருக்கலாம். நீங்கள் பதில் எழுதிய கட்டங்களை மறுபடி பாருங்கள்.

அமெரிக்காவில் ஒருவர் 2023-ல் ஒர்க்டே கம்பெனிமீது வழக்குத் தொடர்ந்தார். அந்தக் கம்பெனியின் ஏற்பாட்டின் வழியாக நூற்றுக்கு மேற்பட்ட வேலைகளுக்கு மனுப் போட்டும் பலனில்லை. வயதைப் பார்த்துத் தள்ளுகிறது என்பது அவருடைய புகார். முடிவு எடுப்பது ஆள் எடுக்கும் கம்பெனிகளே, தாங்கள் அல்ல என்று ஒர்க்டே மறுத்தது. 40 வயதைத் தாண்டிய மற்றவர்களும் அவரோடு சேர 2025 மே மாதம் கோர்ட்டு வழிவிட்டது. அந்த ஏற்பாடு வரிசை மட்டும் போட்டதா, கதவையும் மூடியதா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.